சித்திரை வெயிலில் பட்டர் கிறீம்: முழுப் பட்டரா, பாதிப் பாதியா, சுவிஸ் முறையா?

பட்டர் 32 முதல் 35 பாகைக்குள் முழுதாக உருகிவிடும். அதற்கு முன்னரே, 25 பாகையைத் தாண்டியதும், அது பிடிமானத்தை இழக்கத் தொடங்குகிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் யாழ்ப்பாணத்துக் குசினி ஒன்று மதியத்துக்கு முன்பே 31, 32 பாகையில் நிற்கும். பக்கத்தில் அவணும் வேலை செய்தால் இன்னும் ஏறும். வெளிநாட்டுச் செய்முறைகளில் ‘அறை வெப்பநிலையிலுள்ள பட்டர்’ என்று எழுதியிருப்பது ஏறத்தாழ 20 பாகை அறையை நினைத்து. அந்த அளவுகளை அப்படியே எடுத்து இங்கே அடிக்கிறவர்களுக்கு கேக்கின் பக்கம் வழிவதும், நொசிலில் வரும் பூ தட்டையாகப் படிவதும் கைத்திறன் குறைவால் வருவதில்லை. தேர்ந்தெடுத்த கிறீம் இந்த ஊருக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

இங்கே வீட்டில் கேக் செய்து கொடுக்கிறவர்கள் எடுக்கக்கூடிய வழிகள் மூன்று. ஐசிங் சீனியுடன் முழுப் பட்டர். பாதிப் பட்டர், பாதி ஷோர்ட்னிங். முட்டை வெள்ளைக்கருவைச் சூடாக்கி அடிக்கும் சுவிஸ் முறை. எது ருசி என்று மட்டும் கேட்டால் விடை சுலபம். ஆனால் ஒரே கிறீம் மூன்று வேலை செய்யவேண்டும்: கேக் துகள்களைப் பிடித்து வைக்கும் முதற்பூச்சு, வழவழப்பான பக்கம், நொசில் வேலை. மூன்றுக்கும் மூன்று பதம் தேவை. எந்தக் கிறீம் இந்த வெக்கையில் அந்த மூன்று பதத்துக்கும் வளைந்து கொடுக்கிறது என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

முதலில் பதத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பற்றுலாவை கிறீமில் குத்தி மேலே இழுத்தால் எழும் கூர் நிமிர்ந்தே நின்றால் அது இறுக்கமான பதம். ரோசாப்பூ போல இதழ் நிமிர்ந்து நிற்கவேண்டிய வேலைக்கு அதுதான். கூரின் நுனி மட்டும் வளைந்தால் நடுத்தரம். கரை கட்டவும் சிப்பி, நட்சத்திரம் வைக்கவும் போதும். கூர் எழுந்து அப்படியே சரிந்தால் அது இளக்கம்; முதற்பூச்சுக்கு இந்த இளக்கம் வேண்டும். பக்கம் இழுப்பதற்கு நடுத்தரத்துக்கும் இளக்கத்துக்கும் இடைப்பட்ட பதம் நல்லது. நன்றாகக் குளிர்ந்த, இறுக்கமான கிறீமுக்கு ஒரு கோப்பைக்கு, அதாவது சுமார் 230 கிராமுக்கு, ஒரு தேக்கரண்டி தண்ணீர் சேர்த்தால் நடுத்தரம் வரும், இரண்டு சேர்த்தால் இளக்கம் வரும் என்பது பொதுக் கணக்கு. நம்முடைய வெக்கையில் அரைத் தேக்கரண்டியில் தொடங்கிப் பார்த்துப் பார்த்துச் சேர்ப்பதே சரி.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கிறீம் இளகியிருப்பதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, தண்ணீரோ பாலோ கூடிவிட்டது. மற்றது, கொழுப்பு சூடாகிவிட்டது. கிண்ணத்தைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், மருந்துதான் வேறு. புதிதாகப் பழகுகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பது இதுதான்: “அக்கா, இளகினமாதிரிக் கிடக்கு, இன்னும் கொஞ்சம் ஐசிங் சீனி போடட்டோ?” போடக்கூடாது. கிண்ணத்தை அப்படியே பிறிஜில் 10 நிமிடம் வையுங்கள். எடுத்து ஸ்பற்றுலாவால் ஒரு முறை பிரட்டி, திரும்பவும் கூரைப் பாருங்கள். நிமிர்ந்து நின்றால் குறை வெப்பத்தில்தான். சீனி தேவையே இல்லை. குளிர்ந்த பிறகும் சரிந்தால் மட்டும் ஈரம் கூடியிருக்கிறது. அப்போது இரண்டு மேசைக்கரண்டி ஐசிங் சீனி போட்டு அடிக்கலாம்.

சோதிக்காமல் சீனியைக் கொட்டினால் அந்த நேரத்துக்குக் கிறீம் இறுகியதுபோலத் தோன்றும். ஆனால் முதற்பூச்சு பூசி பிறிஜில் வைத்து எடுத்ததும் அதன் விளைவு தெரியும். உள்ளே இருக்கும் கொழுப்பும் இறுகி, கூடுதல் சீனியும் சேர்ந்து, மேல் கிறீம் ஸ்பற்றுலாவோடு இழுபடும். கீழே உள்ள துகளையும் பிய்த்துக்கொண்டு வரும். நொசிலில் வரும் கோடு விளிம்பில் பல்லுப் பல்லாகக் கிழியும். இனிப்பு தாங்காது என்பது வேறு கதை.

முழுப் பட்டர்

200 கிராம் பட்டருக்கு 400 கிராம் ஐசிங் சீனி என்பது எல்லாரும் அறிந்த கணக்கு. ரிப்பன் கேக் காலத்திலிருந்தே இலங்கை வீடுகளில் பட்டர் ஐசிங் என்று செய்துவருவது பெரும்பாலும் இதைத்தான். வாயில் வைத்தவுடன் கரைகிறது, ஏனென்றால் உடம்புச் சூட்டுக்குக் கீழேயே பட்டர் உருகிவிடும். இதே குணம்தான் இதன் பலவீனமும்.

முதற்பூச்சுக்கு இது மிகவும் நல்லது. மெல்லிய பூச்சு பிறிஜில் 20 நிமிடத்தில் கட்டியாகிவிடும். பிறகு துகள் அசையாது. பக்கம் இழுப்பதும் முடியும், ஆனால் நேரம் மிகக் குறைவு. கிறீம் 20 முதல் 22 பாகை வரை இருக்கும்போது வழுக்கிக்கொண்டு போகும் ஸ்கிறேப்பர், சில நிமிடங்களில் பளபளக்கத் தொடங்கும் கிறீமில் கோடு விடும். அந்தப் பளபளப்பு வந்தவுடன் நிறுத்திக் கேக்கைப் பிறிஜுக்குள் வைக்கவேண்டும். நொசில் வேலையில்தான் முழுப் பட்டர் கைவிடுகிறது. பையைப் பிடிக்கும் உள்ளங்கையின் சூடே பட்டரை இளக்கப் போதும். பையில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் நிரப்பி, இரண்டு பைகளை மாறி மாறிப் பிறிஜில் வைத்துப் பிழிந்தால் கரை கட்டி முடிக்கலாம். பூவின் இதழை நிமிர்த்தி வைத்து விருந்தாளி வரும்வரை காத்திருக்க முடியாது.

ஆகவே வீட்டிலேயே வெட்டிச் சாப்பிடும் கேக், பிறிஜிலிருந்து நேரே மேசைக்கு வரும் கேக், அல்லது மார்கழி, தை மாதத்துக் குளிர் நாட்களில் செய்யும் கேக் என்றால் நான் இதைத்தான் தேர்வேன். ருசியில் இதற்கு ஈடில்லை.

பாதிப் பாதி

காய்கறிக் கொழுப்பில் செய்த ஷோர்ட்னிங் 40 பாகையை அண்டித்தான் உருகும். பட்டர் தளர்ந்துபோகும் வெக்கையிலும் இது உள்ளே சட்டமாக நின்று கிறீமைத் தாங்கும். இதில் தண்ணீர் கிட்டத்தட்ட இல்லை, பட்டரில் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கிறது. அதனால் பாதிப் பாதிக் கலவையின் பதம் அவ்வளவு சீக்கிரம் மாறாது. நிறமும் வெள்ளைக்குப் பக்கத்தில் வரும்.

குறையும் உண்டு. உடம்புச் சூட்டில் முழுதாக உருகாததால் மேலண்ணத்தில் மெல்லிய படலமாக ஒட்டும். பாதிக்கு மேல் போனால் எவரும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு சிட்டிகை உப்பும் தரமான வனிலாவும் அதைப் பெரிதும் மறைக்கும். உப்புச் சேர்த்த பட்டர் என்றால் மேலதிக உப்பு வேண்டாம்.

ஷோர்ட்னிங் கிடைக்காதவர்கள் மாஜரின் போடுகிறார்கள். போடலாம், ஆனால் பெட்டியில் எழுதியிருப்பதை வாசித்துப் போடுங்கள். கட்டியாக வரும், கொழுப்பு 80 வீதமுள்ள மாஜரின் பரவாயில்லை. பாணுக்குப் பூசவென்று வரும் ஃபற் ஸ்பிறெட் வகையில் கொழுப்புக் குறைவு, தண்ணீர் கூட. அது ஐசிங் சீனியோடு சேர்ந்ததும் சீனி அந்த ஈரத்தை இழுத்துப் பாகாக்கும். கிறீம் எத்தனை அடித்தாலும் இறுகாது. மாஜரினின் மஞ்சள் நிறம் வெள்ளைக் கேக்குக்கு உதவாது என்பதையும் முன்கூட்டியே நினைத்துக்கொள்ளவேண்டும்.

சுவிஸ் முறை

ஐந்து முட்டையின் வெள்ளைக்கரு, ஏறத்தாழ 150 கிராம், 270 கிராம் சீனியோடு ஒரு கிண்ணத்தில். கொதிக்கும் தண்ணீர்ச் சட்டியின் மேல், கிண்ணத்தின் அடி தண்ணீரில் படாமல் வைத்து, 71 பாகை வரும்வரை விடாமல் கிண்டவேண்டும். விரல்களுக்கு நடுவே தேய்த்தால் சீனி மணல் தட்டக்கூடாது. பிறகு பீற்றரில் இறுக்கமாக நுரைக்கும்வரை அடித்து, ஆறியதும் 400 கிராம் பட்டரைத் துண்டு துண்டாகச் சேர்ப்பது.

‘ஆறியதும்’ என்ற இடத்தில்தான் நம்முடைய ஊர் இடைஞ்சல் செய்கிறது. கிண்ணம் அடித்து அடித்தே ஆறும் என்று செய்முறை சொல்லும். 32 பாகை அறையில் அது 32க்குக் கீழே ஒருபோதும் போகாது. அந்தச் சூட்டில் பட்டரைப் போட்டால் முழுவதும் தண்ணீராகிவிடும். நுரைத்த கலவையைக் கிண்ணத்தோடு பிறிஜில் 15 நிமிடம் வைத்து, பட்டரையும் வழமையைவிடக் குளிராக, விரலால் அழுத்தினால் மெல்லத்தான் பள்ளம் விழும் நிலையில் சேர்க்கவேண்டும். வழிந்தால் சூடு கூட. திரும்பப் பிறிஜில் வைத்து அடித்தால் சேர்ந்துவிடும். திரிந்த பால் மாதிரித் தெரிந்தால் குளிர் கூட. அதுவும் தொடர்ந்து அடிக்கச் சேரும். எதையும் எறியத் தேவையில்லை.

வழவழப்பில் இதை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. ஐசிங் சீனியின் மாவு இல்லை, மேற்பரப்பு காய்ந்து தோல் போடுவதும் இல்லை, ஸ்கிறேப்பர் ஒரே இழுப்பில் கண்ணாடிபோலப் போகும். ஆனால் கொழுப்பு முழுவதும் பட்டர். தாங்கிக்கொள்ளச் சீனியும் குறைவு. குளிர்ப்படுத்தப்பட்ட மண்டபத்துக்கு இதைக் கொடுக்கலாம். பந்தலுக்குக் கொடுக்கக்கூடாது. முட்டையில்லாக் கேக் கேட்கும் வீடுகளுக்கு இது சரிவராது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடவேண்டும். கேக்கில் முட்டை இல்லை என்று நம்பி விரதகாரர் சாப்பிட்டுவிடக்கூடாது.

ஒரு கேக், முழுதாக

கொக்குவிலில் செய்து சாவகச்சேரிக்குப் போகவேண்டிய ஒரு பிறந்தநாள் கேக்கை எடுத்துக்கொள்வோம். சித்திரை மாதம். எட்டு அங்குல வட்டம், நாலு அங்குல உயரம், இரண்டு அடுக்கு. ஓட்டோவில் முக்கால் மணித்தியாலம். நாலு மணிக்கு முற்றத்துப் பந்தலின் கீழ் வைத்தால் ஆறு மணிக்குத்தான் வெட்டுவார்கள். இதற்கு நான் பாதிப் பாதியைத் தவிர வேறொன்றையும் யோசிக்கமாட்டேன்.

இந்த அளவுக்கு ஏறத்தாழ 1,150 கிராம் கிறீம் தேவை. 200 கிராம் பட்டர், 200 கிராம் ஷோர்ட்னிங், 750 கிராம் ஐசிங் சீனி, ஒரு மேசைக்கரண்டி கொதித்தாறிய தண்ணீர், வனிலா. ஐசிங் சீனியை இரண்டு முறை அரித்துக்கொள்ளவேண்டும், நம்முடைய ஈரக்காற்றில் கடையிலேயே கட்டிபட்டிருக்கும். மிக்சியில் அரைத்த சீனி இதற்கு ஆகாது. குருணி தங்கி, சிறிய நொசிலின் வாயை அடைத்துவிடும். பட்டரைப் பிறிஜிலிருந்து எடுத்துத் துண்டாக்கி 10 நிமிடத்தில் அடிக்கத் தொடங்கலாம், மணிக்கணக்கில் வெளியே வைக்கத் தேவையில்லை. இரண்டு கொழுப்பையும் ஐந்து நிமிடம் அடித்து, சீனியை மூன்று தவணையாகப் போட்டு, தண்ணீரைக் கடைசியில் சேர்த்தால் வருவது இறுக்கமான பதம்.

இனிப் பிரிக்கவேண்டும். நொசில் வேலைக்கு 250 கிராமை எதுவும் சேர்க்காமல் எடுத்து மூடிப் பிறிஜில் வையுங்கள். முதற்பூச்சுக்கு 200 கிராம் தனிக் கிண்ணத்தில். அதற்கு ஒன்றரைத் தேக்கரண்டி தண்ணீர், கூர் சரியும்வரை. மீதி 700 கிராம் நடு அடுக்குக்கும் பக்கத்துக்கும். அதற்கு இரண்டு தேக்கரண்டி தண்ணீர் போதும்.

கேக்கை முதல்நாள் இரவே சுட்டு, இறுக்கிச் சுற்றிப் பிறிஜில் வைத்திருந்தால் துகள் குறைவாக உதிரும். காலை ஐந்து மணிக்கு எழுந்து செய்கிற வேலை இது. வெயில் ஏறமுதல் பக்கம் முடிந்திருக்கவேண்டும். நடுக் கிறீமைப் பரப்பி அடுக்கியபின், மேல் அடுக்கைக் கையால் மெல்ல அழுத்தி உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றுங்கள். அந்தக் காற்று வெக்கையில் விரிந்தால், பின்னேரம் பக்கத்தில் ஒரு கொப்புளம் எழும். முதற்பூச்சு மிக மெல்லிதாக இருக்கட்டும், கேக்கின் நிறம் ஊடே தெரியலாம். துகள் பட்ட ஸ்பற்றுலா பெரிய கிண்ணத்துக்குள் திரும்பப் போகக்கூடாது. பிறிஜில் 20 முதல் 30 நிமிடம். விரல் வைத்தால் ஒட்டாத நிலை வந்ததும் எடுத்துவிடவேண்டும்.

அதற்கு மேல் விட்டால் இரண்டு தொல்லை. கேக் அதிகம் குளிர்ந்திருந்தால், மேலே பூசும் கிறீம் பட்டவுடனே இறுகி ஸ்கிறேப்பரோடு இழுபடும். வெளியே எடுத்ததும் ஈரக்காற்று பட்டு வியர்க்கும். வியர்த்த முதற்பூச்சின் மேல் பூசினால் மேற்பூச்சு பிடிக்காமல் வழுக்கி இறங்கும். வியர்வை தெரிந்தால் தாளை ஒற்றி எடுத்து, ஐந்து நிமிடம் பொறுத்துப் பூசுங்கள்.

பக்கத்துக் கிறீமை எடுக்குமுன் அதை ஸ்பற்றுலாவின் தட்டைப் பக்கத்தால் கிண்ணச் சுவரில் அழுத்தி அழுத்தி இரண்டு நிமிடம் பிரட்டவேண்டும். பீற்றரின் கம்பி உள்ளே அடைத்த காற்றுத்தான் பக்கத்தில் ஊசித் துளைகளாக வருகிறது. வேகமாக அடித்த கிறீமை எவ்வளவு நல்ல ஸ்கிறேப்பராலும் அந்தத் துளை இல்லாமல் இழுக்க முடியாது. தேவையைவிடக் கூடுதலாகவே பூசி, ஸ்கிறேப்பரைச் செங்குத்தாக, பக்கத்தோடு 45 பாகைச் சரிவில் அசையாமல் பிடித்து, சுழல்தட்டை மட்டும் சுற்றுங்கள். குழி தெரிகிற இடத்தில் கிறீம் வைத்துத் திரும்ப ஒரு சுற்று. மூன்று நான்கு சுற்றுக்கு மேல் கையை வைத்தால் நல்ல இடமும் கெடும். அந்த நேரம் பிறிஜில் 15 நிமிடம் வைப்பது நல்லது. எடுத்தபின் ஸ்கிறேப்பரைச் சுடுதண்ணீரில் நனைத்து, துடைத்து உலர்த்தி, ஒரே ஒரு சுற்று இழுத்தால் மீதிக் கோடுகள் மறையும்.

ஐசிங் சீனிக் கிறீம் காய்ந்து தோல் போடுமல்லவா, அந்தத் தோலின் மேல் பேக்கிங் தாளை வைத்து உள்ளங்கையால் நீவினாலும் வழவழப்பு வரும். இது சோளகம் வீசும் உலர்ந்த நாட்களில் நன்றாக வேலை செய்யும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் போடாது, தாள் ஒட்டிப் பிடுங்கும். அந்த மாதங்களில் சுடுதண்ணீர் வழியே போதும்.

நொசில் வேலைக்குப் பிறிஜிலிருந்த கிறீமை எடுத்து ஒரு நிமிடம் பிரட்டி, தாளில் ஒரு சிப்பி வைத்துப் பாருங்கள். வரி தெளிவாக நின்றால் தொடங்கலாம். நுனி வெடித்துக் கிழிந்தால் அரைத் தேக்கரண்டி தண்ணீர். வரிகள் ஒன்றோடொன்று கலந்தால் பை சூடாகிவிட்டது. பையைப் பிறிஜில் வைத்து மற்றப் பையை எடுக்கவேண்டும். பாதிப் பாதியில் கரை வேலையும் சிறு பூக்களும் இரண்டு மணித்தியாலம் பந்தலில் நிற்கும். நிமிர்ந்த இதழுள்ள பெரிய ரோசா வேண்டுமென்றால், ஷோர்ட்னிங் பங்கு கூடிய சிறு கலவையைத் தனியாக அடித்துத் தாளில் பூவை விட்டு, பிறிஜில் இறுகவைத்து கேக்கில் ஏற்றுவேன். சாப்பிடும்போது பெரும்பாலோர் அந்தப் பூவை ஒதுக்கிவைப்பார்கள், ஆகவே அதில் ருசியை விட்டுக்கொடுப்பதில் எனக்கு மனத்தடை இல்லை.

மூன்று மணிக்குப் பிறிஜிலிருந்து எடுக்கும் கேக்கைப் பெட்டிக்குள் மூடியே ஓட்டோவில் ஏற்றவேண்டும். மூடிய பெட்டியில் அது மெல்ல மெல்லச் சூடேறும், வியர்வை பெரும்பகுதி பெட்டியின் வெளியிலேயே நிற்கும். உள்ளே கொஞ்சம் வியர்த்திருந்தாலும் துடைக்கப்போகாதீர்கள், விரல் பட்ட இடத்தில் வழவழப்புப் போய்விடும். திறந்து நிழலில் வைத்தால் அதுவே காய்ந்துவிடும். கடும் சிவப்பு, கறுப்பு நிறங்கள் வெள்ளைப் பக்கத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் மட்டும் அந்த ஈரத்தில் சாயம் இறங்கும், ஆகையால் சித்திரைக் கேக்குக்கு அந்த இரண்டு நிறத்தையும் மேல்தட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.